ராத்திரி போட்டுத் தூங்கும் லென்ஸ்: கிட்டப்பார்வைப் பிள்ளைக்கு வாங்கும் முன் நம்ம ஊர்த் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

கீழக்கரை, தொண்டி, ராமேசுவரம் பக்கம் யார் வீட்டிலாவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அவர்கள் லீவுக்கு வரும்போது கூட வரும் பிள்ளைகள் பகல் முழுக்கக் கண்ணாடி இல்லாமல் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "அங்கெல்லாம் ராத்திரி லென்ஸ் போட்டுத் தூங்குறாங்களாம், காலையில கழட்டினா பார்வை தெளிவா இருக்காம், நம்ம பிள்ளைக்கும் வாங்கலாமா?" என்ற கேள்வி வருகிறது. அப்படி ஒரு லென்ஸ் இருப்பது நிஜம்தான். ஆர்த்தோகெரட்டாலஜி என்று பெயர், ஆர்த்தோ-கே என்று சுருக்கிச் சொல்வார்கள். அமெரிக்காவில் ராத்திரி உபயோகத்துக்கு 2002-ல் அனுமதி கிடைத்தது, கிழக்கு ஆசியாவில் அதற்கு முன்பே பரவிவிட்டது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது, எந்தப் பிள்ளைக்கு ஒத்துவரும் என்பதோடு, நம்ம கடற்கரை வீடுகளில் அது எங்கே மாட்டிக்கொள்ளும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. கடைசியாகச் சொன்ன விஷயத்தைத்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் வேலை செய்யும் விதம். கிட்டப்பார்வை உள்ள கண் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் நீளமாக வளர்ந்துவிட்ட கண். தூரத்தில் இருந்து வரும் வெளிச்சம் விழித்திரைக்கு வந்து சேரும் முன்பே குவிந்துவிடுகிறது, அதனால் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது. கண்ணுக்குள் வெளிச்சத்தை வளைக்கிற வேலையில் பெரும்பங்கு கருவிழியின் முன்பக்க வளைவுக்குத்தான். அந்த வளைவின் நடுப்பகுதியைச் சற்றே தட்டையாக்கினால் வெளிச்சம் கொஞ்சம் பின்னால் தள்ளிக் குவியும், விழித்திரையில் சரியாக வந்து விழும். லேசர் சிகிச்சையில் கருவிழியைச் செதுக்கி இதைச் செய்கிறார்கள், அது நிரந்தரம். ஆர்த்தோ-கே செதுக்குவதில்லை. கருவிழியின் மேல்தோலில் நடுவில் இருக்கிற கனத்தைக் குறைத்து, அதைச் சுற்றியுள்ள வளையத்தில் கனத்தைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். லென்ஸை நிறுத்தினால் சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்களில், தோல் பழைய நிலைக்கே வந்துவிடும். பவரும் திரும்ப வந்துவிடும்.

லென்ஸ் கண்ணை அழுத்தித் தட்டையாக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நன்றாகப் பொருந்திய லென்ஸ் கருவிழியின் நடுவைத் தொடவே கூடாது. இடையில் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கும், 5 முதல் 10 மைக்ரான் வரை. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) லென்ஸின் உட்பக்கம் நடுவில் தட்டையாகவும், அதைச் சுற்றி ஒரு வளையத்தில் திடீரென்று செங்குத்தாகவும், அப்புறம் வெளியே கருவிழியோடு ஒட்டிப் போகிற மாதிரியும் கடையப்பட்டிருக்கும். நடுவில் கண்ணீர் மெல்லியதாகவும் வளையத்தில் கனமாகவும் நிற்பதால் உண்டாகும் அழுத்த வித்தியாசம்தான் ராத்திரி முழுக்கத் தோலை மெதுவாக மாற்றுகிறது. மூடிய இமைக்கு உள்ளேயும் ஆக்சிஜன் போக வேண்டும் என்பதால், காற்று புகும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். கடையில் கிடைக்கும் மெத்தென்ற லென்ஸ் வேறு, இது வேறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் இன்னும் தெளியும். கீழக்கரையில் நாலாம் வகுப்பு படிக்கும் 9 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.75, சிலிண்டர் பவர் கிட்டத்தட்ட இல்லை. கருவிழியின் வளைவையும் அதே பவர் அளவில் அளந்தால் 43.50 வருகிறது. 2.75-ஐக் குறைக்க வேண்டும். ஆனால் காலையில் கழற்றிய பிறகு சாயங்காலத்துக்குள் தோல் கொஞ்சம் திரும்பிவரும், அதற்காக வழக்கமாக 0.75 போல கூடுதலாகக் குறைத்துவைப்பார்கள். ஆக 43.50-இல் இருந்து 3.50 போனால் 40.00. அதாவது இந்தப் பெண்ணின் கருவிழி 7.76 மி.மீ. ஆரத்தில் வளைந்திருக்க, லென்ஸின் நடு 8.44 மி.மீ. ஆரத்தில் இருக்கும். ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை.

இப்போது தோலின் கனத்துக்கு வருவோம். பார்வைக்குப் பயன்படும் வட்டம் 4 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், 3.50 அளவு மாற்ற நடுவில் சுமார் 19 மைக்ரான் குறைய வேண்டும். கருவிழியின் மேல்தோல் மொத்தமே 50 மைக்ரான் அளவுதான், தலைமுடியைவிடச் சன்னம். அதில் 19 போய் 31 நிற்கிறது, பரவாயில்லை. அதே கணக்கை மைனஸ் 6 பவர் உள்ள பிள்ளைக்குப் போட்டால் 36 மைக்ரான் குறைய வேண்டும், மிச்சம் 14. அது ஆகாது. அப்படியென்றால் வட்டத்தைச் சிறிதாக்கலாம் என்று தோன்றும், 3 மி.மீ. வட்டமென்றால் 20 மைக்ரானே போதும், செய்யவும் செய்கிறார்கள். ஆனால் இருட்டில் கண்மணி அந்த வட்டத்தைத் தாண்டி விரியும், அப்போது தெருவிளக்கையும் எதிரே வரும் வண்டி விளக்கையும் சுற்றி ஒளிவளையம் தெரியும். மைனஸ் 1-இல் இருந்து 4 வரை நன்றாக வேலை செய்யும், 4-க்கு மேல் தடுமாறும், 6 என்பது கடைசி எல்லை என்று சொல்வதற்கு இந்த 50 மைக்ரான்தான் காரணம்.

முதல் ராத்திரியிலேயே பெரும்பகுதி மாற்றம் வந்துவிடும், முழுசாக நிலைக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அந்த இடைவெளியில் பழைய கண்ணாடி அதிகமாகத் தெரியும், போடாவிட்டால் சாயங்காலம் மங்கும். பரீட்சை வாரத்தில் தொடங்காதீர்கள்.

சரி, பகலில் கண்ணாடி வேண்டாம் என்பதற்காக மட்டும்தானா இவ்வளவும்? இல்லை. கண்ணின் நீள வளர்ச்சியையும் இது மெதுவாக்குகிறது, டாக்டர்கள் இதைப் பரிந்துரைப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். ஹாங்காங்கில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை வைத்து நடத்தி 2012-ல் வெளியான ஆய்வில், இரண்டு வருடத்தில் கண்ணாடி போட்டவர்களின் கண் சராசரியாக 0.63 மி.மீ. நீண்டது, ராத்திரி லென்ஸ் போட்டவர்களுக்கு 0.36 மி.மீ. வித்தியாசம் 0.27 மி.மீ., பவர் கணக்கில் ஏறக்குறைய 0.6, 0.7 என்று வைத்துக்கொள்ளலாம். வேகமாகப் பவர் ஏறுகிற பிள்ளைக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் பவர் கூடக் கூடப் பிற்காலத்தில் விழித்திரை தொடர்பான சிக்கல்களும் கூடும். வருடத்துக்கு 0.25 ஏறுகிற பிள்ளைக்கு இவ்வளவு பாடு தேவையா என்றால், என் கருத்தில் தேவையில்லை. பவர் ஏறுவதைக் குறைக்கத் தனி வகைக் கண்ணாடிகள் இருக்கின்றன, குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து இருக்கிறது. இரண்டிலும் லென்ஸால் வரும் தொற்றுக்கு இடமே இல்லை.

யாருக்கு ஒத்துவரும் என்பதைப் பவரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சிலிண்டர் 1.50-க்குள் இருந்தால் நல்லது. ராத்திரி எட்டு மணி நேரமாவது தூங்குகிற பிள்ளையாக இருக்க வேண்டும். கருவிழியின் மேடு பள்ளத்தை வரைபடமாகக் காட்டும் டோப்போகிராபி எடுக்காமல் யாராவது லென்ஸ் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். கூம்பு மாதிரி நீளத் தொடங்கிய கருவிழியை ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுப்பது அந்தப் படம்தான், அப்படிப்பட்ட கண்ணுக்கு இந்த லென்ஸ் கூடாது. லென்ஸ் போட்ட பிறகும் அதே படத்தை எடுத்து, தட்டையான வட்டம் கண்மணிக்கு நேரே விழுந்திருக்கிறதா, மேலே ஏறிப்போய்விட்டதா என்று பார்ப்பார்கள்.

நம்ம பக்கத்துக்கென்றே ஒரு விஷயம்: அலர்ஜி. ஆடிக் காத்து மணலை வாரி அடிக்கிற நாட்களில் பாம்பன், மண்டபம் பக்கம் எத்தனை பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே திரிகிறார்கள் என்று பார்த்தால் தெரியும். கண் அரித்து, மேல் இமைக்கு உள்ளே தடித்து, வருடத்தில் பல மாதம் சொட்டு மருந்தோடு இருக்கிற பிள்ளைக்கு ராத்திரி லென்ஸ் வேண்டாம். அலர்ஜியை அடக்கி, கசக்குவது நின்ற பிறகு மறுபடி யோசிக்கலாம். வெளிநாட்டில் இருந்து லீவில் வந்தபோது அளவெடுத்து, அடுத்த முறை வருகிறவரிடம் லென்ஸைக் கொடுத்தனுப்புவதும் வேண்டாம். முதல் ராத்திரி தூங்கி எழுந்த காலை, ஒரு வாரம், ஒரு மாதம், அப்புறம் சில மாதங்களுக்கு ஒருமுறை என்று பார்க்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இனி தொற்று. அமெரிக்காவில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்த லென்ஸ் போட்ட பிள்ளைகளில் 10,000 பேர் ஒரு வருடம் அணிந்தால் ஏறக்குறைய 14 பேருக்குக் கருவிழியில் கிருமித் தொற்று வரும் என்று கணக்கிட்டது. அந்த ஆய்வில் உண்மையில் வந்தது இரண்டே பிள்ளைகளுக்கு, இரண்டு பேருக்கும் பார்வை போகவில்லை, ஆகவே 14 என்பதைக் கல்லில் வெட்டிய எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒரு பிள்ளை இதை ஒரு வருடத்தோடு நிறுத்தாது. 9 வயதில் தொடங்கினால் 16 வரை போகும். ஏழு வருடத்துக்குப் பெருக்கினால் நூறு பிள்ளைகளில் ஒருவர் என்ற கணக்கு வருகிறது. பயந்து ஓட வேண்டிய எண் இல்லை, அலட்சியப்படுத்தக்கூடிய எண்ணும் இல்லை.

ராத்திரி லென்ஸில் ஏன் கூடுதல் ஆபத்து? கண் மூடியிருக்கும்போது ஆக்சிஜன் குறைவு, இமை அடித்துக் கழுவுவது கிடையாது, லென்ஸுக்கு அடியில் கண்ணீர் தேங்கி நிற்கிறது, மேல்தோல் நடுவில் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. அதில் ஒரு சின்னக் கீறல் விழுந்து, லென்ஸ் டப்பாவில் இருந்து கிருமியும் வந்து சேர்ந்தால் போதும். 2000-க்கு முன்னும் பின்னுமாகச் சீனா, தைவான், ஹாங்காங்கில் பிள்ளைகளுக்குக் கொத்தாக வந்த தொற்றுகளை ஆராய்ந்தபோது இரண்டு கிருமிகள் முன்னால் நின்றன. ஒன்று சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. இன்னொன்று அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி. சாதாரண லென்ஸ் தொற்றுகளில் அபூர்வமாக வரும் இந்த அகாந்தமீபா, அங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேருக்கு வந்திருந்தது. காரணம் தேடிப்போனால், லென்ஸையோ டப்பாவையோ குழாய்த் தண்ணீரில் கழுவிய பழக்கம் திரும்பத் திரும்ப வந்தது.

அகாந்தமீபா மண்ணிலும் கிணற்றிலும் குழாயிலும் கடலிலும் இருக்கும். நாம் தினமும் அந்தத் தண்ணீரில் முகம் கழுவுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. லென்ஸ் அதைப் பிடித்துவைத்து, எட்டு மணி நேரம் கருவிழியோடு சேர்த்துக் கட்டிப்போடும்போதுதான் வினை. தனக்குப் பிடிக்காத சூழல் வந்தால் கெட்டியான கூடு கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும், குடிநீரில் போடும் குளோரின் அளவு அந்தக் கூட்டை ஒன்றும் செய்யாது. நம்ம கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற அன்றைக்குப் பிடித்துக் குடத்திலும் சிமெண்டுத் தொட்டியிலும் சேர்த்துவைப்போம், இல்லாவிட்டால் லாரித் தண்ணீர் வாங்கி மாடித் தொட்டியில் ஏற்றுவோம். அடியில் வழுவழுப்பாகப் படிந்திருக்குமே, பாக்டீரியாவைத் தின்று வாழும் இந்த உயிரிக்கு வசதியான இடம் அதுதான். அதனால் நம்ம வீடுகளில் விதி ஒன்றே ஒன்று: லென்ஸிலோ, டப்பாவிலோ, லென்ஸ் எடுக்கும் குட்டி ரப்பர் உறிஞ்சியிலோ எந்தத் தண்ணீரும் படக் கூடாது.

"கொதிக்க வெச்சு ஆறவெச்ச தண்ணியில கழுவலாமா தம்பி?" என்று பிள்ளையின் உம்மா கேட்பார். வேண்டாம் ராத்தா. ஆறும்போதும், ஊற்றிவைத்த பாத்திரத்திலும், எடுக்கும் கையிலும் கிருமி திரும்பச் சேரும். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கச் சரி, லென்ஸுக்குக் கிடையாது. வீட்டில் உப்புப் போட்டுக் கலக்கிய தண்ணீரும் கூடாது. அலச வேண்டுமென்றால் லென்ஸுக்கென்று விற்கும், கிருமி நீக்கி அடைத்த உப்புக் கரைசல் மட்டும்தான், அதையும் திறந்த பிறகு புட்டியில் போட்டிருக்கிற நாளுக்கு மேல் வைக்கக் கூடாது.

கையை மட்டும் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவியாக வேண்டும், அப்புறம் சொட்டு ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். இங்கேதான் பல வீட்டில் தவறுகிறது. கையைக் கழுவி உதறிவிட்டு லென்ஸைத் தொடுவார்கள், விரல் நுனியில் நிற்கிற அந்தத் துளி தொட்டித் தண்ணீர்தானே?

இன்னொரு இடம் காலை நேரம். கீழக்கரையில் சுபுஹு தொழுகைக்கு எழுந்த பிள்ளை தூக்கக் கலக்கத்தில் லென்ஸோடேயே ஒளுச் செய்யப் போய்விடும். ராமேசுவரத்தில் அமாவாசைக்கு விடிகாலையில் பிள்ளையை எழுப்பி அக்னி தீர்த்தத்துக்கும், அப்படியே கோயில் தீர்த்தக் கிணறுகளுக்கும் கூட்டிப்போவார்கள், வாளி வாளியாகத் தலையில் ஊற்றும்போது லென்ஸ் கண்ணிலேயே இருக்கும். தண்ணீர் முகத்தில் படும் முன் லென்ஸ் கழன்று டப்பாவுக்குப் போயிருக்க வேண்டும். காலையில் நேரம் போதாது என்று தெரிந்தால் முந்தின ராத்திரி லென்ஸே போட வேண்டாம். ஒரு ராத்திரி விட்டால் மறுநாள் கொஞ்சம் மங்கும், அதற்குப் பழைய கண்ணாடிகளில் பவர் குறைந்த ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

கழற்றும்போதும் ஒரு கவனம். காலையில் சில நாள் லென்ஸ் கண்ணோடு ஒட்டிக்கொண்டு அசையாது. உடனே உறிஞ்சியை வைத்து இழுத்தால் மேல்தோலும் கூட வரும், கீறல் விழும், கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. டாக்டர் சொன்ன ஈரச் சொட்டை விட்டு, கொஞ்ச நேரம் இமைத்துக்கொண்டிருந்து, கீழ் இமையின் விளிம்பால் லென்ஸின் ஓரத்தை மெதுவாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். கண்ணை உருட்டும்போது லென்ஸ் வழுக்கி நகர்ந்தால்தான் எடுக்கலாம். தினமும் இப்படி ஒட்டினால் பொருத்தம் சரியில்லை என்று அர்த்தம், போய்க் காட்டுங்கள்.

சுத்தம் செய்ய 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு முறை அகாந்தமீபாவுக்கு எதிராக நன்றாக வேலை செய்யும். அதன் டப்பாவில் ஒரு பிளாட்டினம் வளையம் இருக்கும், ஆறு மணி நேரத்துக்குள் பெராக்சைடைக் கண்ணுக்குப் பாதுகாப்பான திரவமாக மாற்றிவிடும். அந்த ஆறு மணி நேரம் முடியும் முன் எடுத்துப் போட்டால் கண் எரிச்சலில் பிள்ளை வீட்டையே கூட்டிவிடும். பகல் முழுக்க ஊறுவதால் ராத்திரி லென்ஸுக்கு அது பொருத்தம்தான். நேற்றைய கரைசலில் இன்றைக்குக் கொஞ்சம் சேர்த்து ஊற்றுவது மட்டும் எந்த முறையிலும் கூடாது. காலியான டப்பாவைக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும், குளியலறையில் வேண்டாம். டப்பாவை ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், உறிஞ்சியையும் அவ்வப்போது மாற்றுங்கள்.

தொற்று வந்தால் எப்படித் தெரியும்? கண் சிவப்பு, வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் இமையை இறுக்கிக்கொள்வது, நீர் வடிவது, மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி. எல்லாம் சேர்ந்து வரும் என்று காத்திருக்க வேண்டாம். லென்ஸைக் கழற்றிய பிறகும் சில மணி நேரத்தில் குறையாத சிவப்போ வலியோ இருந்தால் அன்றைக்கே கண் டாக்டர். சூடோமோனாஸ் ஒரு நாள் இரண்டு நாளில் கருவிழியைக் கரைத்துவிடக் கூடியது. அகாந்தமீபா வேறு மாதிரி, மெதுவாக வரும், கண்ணைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் பிள்ளை வலியில் துடிக்கும். இதை ஹெர்பெஸ் வைரஸ் புண் என்று தவறாக எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் வேறு மருந்து ஓடுவதுண்டு. அதனால் போன உடனே, கேட்காவிட்டாலும், "ராத்திரி லென்ஸ் போடுகிற பிள்ளை" என்று சொல்லிவிடுங்கள். பன்னீர், தாய்ப்பால் எதுவும் விடாதீர்கள். அதைவிட மோசம் மருந்துக்கடையில் சொல்லி வாங்குகிற ஸ்டீராய்டு கலந்த சொட்டு. சிவப்பு குறையும், வலி அடங்கும், உள்ளே கிருமி வளரும். நம்ம வட்டாரத்தில் பூஞ்சைத் தொற்றும் அதிகம், அதற்கும் ஸ்டீராய்டு எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்.

ஆகவே லென்ஸுக்குக் காசு கட்டும் முன், பொருத்துகிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஞாயிற்றுக்கிழமை காலை கண் சிவந்தால் யாரிடம் போவது? கருவிழிப் புண்ணைச் சுரண்டி எடுத்துக் கிருமி பார்க்கும் வசதி பல பேருக்கு மதுரையில்தான் கிடைக்கும், ராமநாதபுரத்தில் இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பயணத்துக்கு வண்டி, கூட வர ஒரு ஆள், போன் நம்பர் எல்லாம் முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். கிளம்பும்போது லென்ஸையும் டப்பாவையும் உள்ளே இருக்கிற கரைசலோடு அப்படியே மூடி எடுத்துப்போங்கள், அழுக்காக இருக்கிறதே என்று கழுவிவிடாதீர்கள். கண்ணில் இருந்து எடுத்த மாதிரியில் கிருமி சிக்காதபோது, பல தடவை அந்த டப்பாவில்தான் சிக்கும்.